பன்னிரண்டு ஆண்டும் பத்து ஆண்டும்: அடுத்தவர் நிலம் எப்போது கைமாறுகிறது?

பத்திரப் பதிவு அலுவலக வாசலில் அரைமணி நேரம் நின்றால் போதும், யாராவது ஒருவர் சொல்லக் கேட்கலாம்: "பன்னிரண்டு வருஷம் குடியிருந்துட்டா இடம் நம்ம பேருக்கு வந்துடும்." யாழ்ப்பாணத்தில் இதையே பத்து வருடம் என்பார்கள். இரண்டு இடத்திலும் இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பித்தான் குடும்பங்கள் நீதிமன்றத்தில் இருபது, முப்பது வருடம் கிடக்கின்றன. இடத்தில் இருப்பவர், காலம் தன் பக்கம் என்று நம்பி உரிமையாளரை அலட்சியம் செய்கிறார். உரிமையாளரோ பத்திரம் கையில் இருக்கிறது என்று நம்பி இடத்தை அலட்சியம் செய்கிறார். இருவரும் ஒரே அளவுக்கு ஏமாறுகிறார்கள்.

இந்தியாவில் இதை எதிரிடை அனுபவம் என்கிறோம். இலங்கையில் ஆட்சியுரிமை என்பது வழக்கு. இரண்டு நாட்டுச் சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. பாக்கு நீரிணையின் இரு கரையிலும் தமிழ்க் குடும்பங்களின் கதை ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவர் ஊரில் இருப்பார், ஒருவர் கடல் கடந்திருப்பார், அப்பா விட்டுப்போன நிலம் பாகம் பிரிக்காமல் கிடக்கும். அதே கதையை இரண்டு சட்டங்களுக்குள்ளும் போட்டுப் பார்த்தால், ஒரே நடத்தைக்கு இரண்டு விடை வருகிறது. அந்த வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டத்தின் கட்டமைப்பு. இந்தியாவில் எதிரிடை அனுபவம் என்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. 1963 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் 65 ஆவது இனம், தன் பத்திர உரிமையை வைத்து நிலத்தை மீட்க வழக்குப் போடுபவருக்கு 12 ஆண்டு தருகிறது. எதிராளியின் அனுபவம் எந்த நாளில் எதிரிடையாக மாறியதோ அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 12 ஆண்டு கடந்துவிட்டால் அதே சட்டத்தின் 27 ஆவது பிரிவு வேலை செய்கிறது. வழக்குப் போடும் வாய்ப்போடு சேர்த்து, அந்தச் சொத்தின் மீதிருந்த உரிமையையே அது அணைத்துவிடுகிறது. கவனியுங்கள், இடத்தில் இருப்பவருக்கு உரிமை கொடுக்கிறேன் என்று சட்டம் எங்கும் நேராகச் சொல்லவில்லை. பழைய உரிமையாளரின் உரிமையை அழிக்கிறது. காலியான இடத்தில் இருப்பவர் நிற்கிறார்.

இலங்கையின் 1871 ஆம் ஆண்டு 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. அதன் 3 ஆவது பிரிவின்படி, வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய பத்து ஆண்டு இடையூறும் இடைமுறிவும் இல்லாமல் ஒருவர் காணியை ஆண்டிருந்தால், அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புப் பெற உரித்துண்டு. ரோமன்-டச்சுச் சட்டம் கேட்டது ஒரு நூற்றாண்டின் மூன்றில் ஒரு பங்கு. அதை ஆங்கிலேய ஆட்சி பத்து ஆண்டாகச் சுருக்கியது. பிரிவு இன்னொன்றையும் அடைப்புக்குறிக்குள் விளக்குகிறது. வாடகை, விளைச்சலில் பங்கு, சேவை, கடமை என்று எதையும் வேறொருவருக்குச் செலுத்தியிருக்கக் கூடாது. வேறொருவரின் உரிமையை ஒப்புக்கொண்டதாக இயல்பாகத் தோன்றும் எந்தச் செயலும் செய்திருக்கக் கூடாது. நூற்றைம்பது ஆண்டுக்கு முன் எழுதிய இந்த அடைப்புக்குறி, என் பார்வையில், இரு நாட்டுச் சட்டத்தையும் புரிந்துகொள்ள ஒரே சிறந்த சாவி. இந்தியச் சட்டம் 'எதிரிடை' என்ற சொல்லுக்கு விளக்கமே தராமல் விட்டுவிட்டது. அதை நிரப்ப நீதிபதிகள் பல தீர்ப்புகள் எழுத வேண்டியிருந்தது.

இந்தக் கட்டமைப்பு வேறுபாட்டால் ஒரு பெரிய விளைவு உண்டாயிற்று. இலங்கைப் பிரிவின் பிற்பகுதி, வாதியும் இதே முறையில் தீர்ப்புக் கேட்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே ஆண்டுகொண்டிருப்பவர் தானே முன்வந்து, 'இந்தக் காணி எனக்குரியது என்று அறிவியுங்கள்' என்று கேட்க 1871 இலிருந்தே வழி உண்டு. இந்தியாவில் அந்த வழி நீண்ட காலம் சந்தேகத்தில் இருந்தது. எதிரிடை அனுபவம் கேடயம் மட்டுமே, அதை ஏந்தி வழக்குப் போட முடியாது என்று 2013 இல் குருத்வாரா சாகிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. யாராவது நம்மை வெளியேற்ற வழக்குப் போடும் வரை காத்திருந்து, அப்போது எழுந்து சொல்ல வேண்டும் என்ற நிலை. 2019 ஆகஸ்டில் ரவீந்தர் கௌர் கிரேவால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. காலம் நிறைந்தவர் வாதியாகவும் வரலாம், நிறைந்த பிறகு யாராவது பலவந்தமாக வெளியேற்றினால் திரும்பக் கேட்கவும் செய்யலாம் என்று தெளிவாக்கியது.

இன்னொரு வேறுபாடு, வழக்கறிஞர்களுக்கு மட்டும் உரியதாகத் தோன்றினாலும் சாதாரண மக்களை நேராகப் பாதிப்பது. இலங்கைப் பிரிவில் எதிரிடையான உரித்தோடு, எதிராளியைச் சாராத சுதந்திரமான உரித்தும் சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அதனால் அங்கே வழக்குரையில் 'உறுதிப்படியும் எனக்குரியது, ஆட்சிப்படியும் எனக்குரியது' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவது அன்றாட நடைமுறை. உறுதி என்பது அவர்களுக்கு நம்முடைய கிரயப் பத்திரம் போன்றது. தமிழ்நாட்டில் அதே மாதிரி எழுதினால் மாட்டிக்கொள்ள நேரும். 2004 இல் கர்நாடக வக்பு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் சொந்த உரிமையைக் கோருவதும் எதிரிடை அனுபவத்தைக் கோருவதும் ஒன்றுக்கொன்று முரணானவை என்றது. முதலாவதைக் கைவிடாதவரை இரண்டாவது ஓடத் தொடங்காது. 'இது என் தாத்தா வாங்கிய இடம்' என்று முப்பது வருடம் சொல்லிவிட்டு, பத்திரம் பொய்யென்று தெரிந்ததும் 'சரி, அனுபவத்தால் என்னுடையது' என்று திரும்புகிறவர்கள் இந்தக் கல்லில்தான் இடறி விழுகிறார்கள்.

அந்தத் தீர்ப்பு ஐந்து கேள்விகளை வைத்தது. எந்தத் தேதியில் நுழைந்தீர்கள்? எந்தத் தன்மையில் அனுபவித்தீர்கள்? உரிமையாளருக்கு அது தெரியுமா? எவ்வளவு காலம் தொடர்ந்தது? வெளிப்படையாகவும் தடையில்லாமலும் இருந்ததா? முதல் கேள்வியிலேயே பெரும்பாலான வழக்குகள் சாய்ந்துவிடுகின்றன. 'நெடுங்காலமாக', 'மூதாதையர் காலம் தொட்டு' என்று மனுவில் எழுதுவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு தொடக்க நாள் இல்லாமல் 12 ஆண்டை எங்கிருந்து எண்ணுவது? இலங்கை நீதிமன்றங்களும் இதே குறையைப் பலமுறை சுட்டியிருக்கின்றன. 1994 இல் சிராஜுதீன் எதிர் அப்பாஸ் வழக்கில், பத்து ஆண்டுக்கு மேல் ஆண்டார் என்று சாட்சிகள் பொதுவாகச் சொல்வது ஆட்சிக்குச் சான்று ஆகாது, குறிப்பான செயல்களைச் சொல்ல வேண்டும் என்று முடிவானது. எந்த வருடம் வேலி போட்டார், யார் தேங்காய் பறித்தது, கிணறு எப்போது வெட்டப்பட்டது என்ற அளவுக்கு விவரம் வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். மின் இணைப்பு, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, அடங்கலில் பெயர் என்று கட்டுக் கட்டாகக் கொண்டுவருபவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் இதே இடத்தில் சோலைவரிப் பற்றுச்சீட்டு வரும். இவையெல்லாம் ஒருவர் அந்த இடத்தில் இருந்தார் என்பதைக் காட்டும். உரிமையாளருக்கு எதிராக இருந்தார் என்பதைக் காட்டாது. வாடகைக்கு இருப்பவரும் மின்கட்டணம் கட்டுகிறார். தமிழ்நாட்டில் பட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வருவாய்க் கணக்குக்கான ஆவணம். உரிமையை முடிவு செய்யும் அதிகாரம் தாசில்தாருக்குக் கிடையாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. எதிரிடை அனுபவம் நிறைந்துவிட்டது என்று சொல்லிப் பட்டா மாற்றக் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவது வீண்.

இனி, அனுமதியோடு நுழைந்தவர். வெளியூர் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்து 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுச் செல்வது நம் வழக்கம். அந்தச் சாவிக்கு இரு நாட்டுச் சட்டமும் ஒரே மாதிரி மதிப்பளிக்கின்றன. நுழைவு அனுமதியில் தொடங்கினால், தொடர்ந்து இருப்பதும் அந்த அனுமதியின் பேரிலேயே என்று நீதிமன்றம் கருதும். இலங்கையில் 1903 இல் நகுதா மரைக்கார் வழக்கில் பிரிவி கவுன்சில் இதை நிலைநிறுத்தியது. முகவராக நுழைந்தவர் மனத்துக்குள் எதை நினைத்தாலும் முகவராகவே தொடர்கிறார். இந்தியாவில் 1994 இல் தாக்கூர் கிஷன் சிங் வழக்கிலும் அதே முடிவு: பங்காளி, முகவர், அனுமதி பெற்றவர் ஆகியோரின் அனுபவம் எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் தானாக எதிரிடையாக மாறாது. மாற வேண்டுமானால் உரிமையாளருக்குத் தெரியும்படி ஒரு வெளிப்படையான மறுப்பு நடந்திருக்க வேண்டும். அனுமதியை முடித்துக்கொண்டோம், ஆனாலும் அவர் வெளியேறவில்லை என்பதுகூட போதாது என்று 1984 இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பங்காளிகள் விஷயத்தில்தான் இந்தச் சட்டம் அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதால் அங்கே கொஞ்சம் நிற்கலாம். இதற்கு அடிப்படை 1911 இல் இலங்கையிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குப் போன கொரியா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கு. சகோதரர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார். வாரிசுகள் பலர், ஆனால் ஒருவர் மட்டும் காணிக்குள் போய் முழுவதையும் தனியாக ஆண்டார். பத்து ஆண்டைத் தாண்டியது. மற்ற வாரிசுகளின் பங்கை வெளியார் ஒருவர் வாங்கி வழக்குப் போட்டார். அவர் பக்கம் தீர்ப்பானது. பங்காளி ஒருவர் ஆள்வது எல்லாப் பங்காளிகளுக்காகவும் ஆள்வதாகும், அதை மாற்ற மனத்துக்குள் வைத்திருக்கும் ரகசிய எண்ணம் போதாது, மற்றவரை வெளியேற்றியதற்குச் சமமான செயல் வேண்டும் என்றது கவுன்சில். இந்திய உச்ச நீதிமன்றம் 1956 இல் லட்சுமி ரெட்டி வழக்கில் இதே கொள்கையைக் கைக்கொண்டது. மற்ற பங்காளியின் உரிமையை அவருக்குத் தெரியும்படி மறுத்திருக்க வேண்டும்.

இலங்கையில் 1918 இல் திலகரத்ன எதிர் பாஸ்டியன் வழக்கு இதில் ஒரு கதவைத் திறந்தது. காலம் மிக நீண்டு, சூழ்நிலைகளும் பொருந்தினால், ஒரு காலத்தில் வெளியேற்றம் நடந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு வந்த பலரை 1997 இல் மரியா பெர்னாண்டோ வழக்கு தடுத்தது. நீண்ட ஆட்சி, வரி கட்டியது, விளைச்சலை எடுத்தது என இவையெல்லாம் சேர்ந்தாலும் பங்காளிக்கு எதிராக உரிமை பிறக்காது, வெளிப்படையான செயல் ஒன்று வேண்டும் என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம்.

இப்போது ஒரு கற்பனைக் குடும்பத்தை இரண்டு சட்டத்துக்குள்ளும் வைத்துப் பார்ப்போம். அப்பா 1984 இல் உயில் இல்லாமல் காலமானார். ஒரு வீடும் அதைச் சுற்றித் தோட்டமும். மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் ஊரில் இருக்கிறார். தங்கை திருமணமாகி வேறு மாவட்டத்தில். தம்பி 1986 இல் வெளிநாடு போனவர். மூத்தவர் வீட்டில் குடியிருந்து, தேங்காய் பறித்து, வரி கட்டி வருகிறார். 1995 வரை இதில் எதுவும் எதிரிடை இல்லை. பதினொரு வருடம் ஓடியும் ஒரு நாள்கூட கணக்கில் ஏறவில்லை. இந்தக் குடும்பம் தஞ்சாவூரில் இருந்தாலும் சாவகச்சேரியில் இருந்தாலும் இதே விடைதான்.

1996 இல் தங்கை பங்கு கேட்டுக் கடிதம் எழுதுகிறார். மூத்தவர் பதில் எழுதுகிறார்: 'இதில் உனக்கும் தம்பிக்கும் ஒன்றும் கிடையாது. அப்பா எனக்கென்று விட்டுப் போனது. இனி இதைக் கேட்டு வர வேண்டாம்.' ஒரு நகலைத் தம்பிக்கும் அனுப்புகிறார். அதே ஆண்டு பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டி, முழு இடத்தையும் தன் ஒருவரின் பெயரில் அடமானம் வைக்கிறார். இந்தக் கடிதம்தான் இந்த வழக்கின் உயிர்நாடி. வீடு கட்டியதையோ அடமானத்தையோ தனியாக வைத்தால் வாதாட இடம் உண்டு. மறுப்பு எழுத்தில் போய், உரியவர் கையில் சேர்ந்ததும் வாதம் குறைகிறது. கடிகாரம் இங்கிருந்து ஓடத் தொடங்குகிறது.

இது தஞ்சாவூர்க் குடும்பம் என்றால் கணக்கு எளிது. 1996 உடன் 12 சேர்த்தால் 2008. அதற்குள் தங்கையும் தம்பியும் பாகப்பிரிவினை வழக்குப் போட்டிருக்க வேண்டும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது, ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசியது எதுவும் காலத்தை நிறுத்தாது. தம்பி சிங்கப்பூரில் இருந்தார் என்பதும் அவருக்கு உதவாது. காலவரையறைச் சட்டத்தின் 6 ஆவது பிரிவு வயது நிரம்பாதவர், மனநிலை பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்குத்தான் சலுகை தருகிறது. வெளிநாட்டில் இருந்த உரிமையாளருக்கு அதில் இடமில்லை. காலத்தை முறிக்க ஒன்றே ஒன்று உதவியிருக்கும். 2008 க்குள் மூத்தவர் எப்போதாவது 'உங்கள் பங்கை விற்கும்போது தந்துவிடுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அந்த ஒப்புதலோடு எதிரிடைத் தன்மையே உடைந்து போயிருக்கும்.

இதே குடும்பம் சாவகச்சேரியில் இருந்தால்? தங்கைக்குப் பத்து ஆண்டு, அதாவது 2006 வரை. தம்பிக்கோ வேறு கணக்கு. இலங்கைச் சட்டத்தின் 13 ஆவது பிரிவு, சிறுவர், மனநிலை பாதிக்கப்பட்டவர் ஆகியோரோடு, கடல் கடந்து இருப்பவரையும் சேர்க்கிறது. உரிமை மறுக்கப்பட்ட நாளில் அவர் வெளிநாட்டில் இருந்திருந்தால், அவர் திரும்பும்வரை பத்து ஆண்டு ஓடத் தொடங்காது. ஆனால் இதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். தடையில்லாத எதிரிடை ஆட்சி 30 ஆண்டு நீடித்தால், உரிமையாளர் எங்கே இருந்தாலும் அது முடிவான சான்று ஆகிவிடும். நம் தம்பி 1996 இல் கனடாவில் இருந்தார், இன்றும் திரும்பவில்லை என்றால் அவருடைய கடைசி ஆண்டு 2026. சிங்கப்பூர்த் தம்பி 2008 இல் இழந்ததைக் கனடாத் தம்பி மேலும் பதினெட்டு ஆண்டு கைவசம் வைத்திருக்கிறார். ஒரே கடிதம், ஒரே நடத்தை.

இந்தச் சலுகையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தடை, உரிமை முதன்முதலாகப் பிறந்த அந்த நாளில் இருக்க வேண்டும். கடிதம் வந்தபோது தம்பி ஊரில் இருந்து, அடுத்த மாதம் விமானம் ஏறியிருந்தால் 13 ஆவது பிரிவு அவரைக் காப்பாற்றாது. ஓடத் தொடங்கிய கடிகாரம் நிற்பதில்லை. இந்தியாவிலும் இந்த விதி உண்டு: காலம் ஓடத் தொடங்கிய பின் வரும் எந்த இயலாமையும் அதை நிறுத்தாது.

தங்கை வவுனியாவில் இருந்திருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. போர்க்காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தங்கள் காணி உரிமையைத் தொடர முடியாதவர்களுக்காக 2016 இல் இலங்கைப் பாராளுமன்றம் 5 ஆம் இலக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அப்படிப் பாதிக்கப்பட்டவருக்கு எதிராக எண்ணக் கூடாது என்பது அதன் சாரம். இடம்பெயர்ந்தவர்கள் திரும்பி வந்தபோது, காணிக்குள் வேறொருவர் பத்து ஆண்டுக்கு மேல் இருந்தார் என்ற நிலையைக் கருதி வந்த சட்டம் இது. ஆனால் வழக்குப் போட அது கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டு. கால் நூற்றாண்டுப் போரில் உறுதியையும் தோம்பையும் இழந்தவர்களிடம், இரண்டு ஆண்டுக்குள் ஆவணம் திரட்டி, வக்கீல் பிடித்து, நீதிமன்றம் வா என்பது நியாயமில்லை. நோக்கம் சரி, கொடுத்த காலம் மிகக் குறைவு.

வெளிநாட்டில் இருப்பவர் விஷயத்தில் எந்தச் சட்டம் சரி? நான் இலங்கைப் பக்கம் நிற்கிறேன், பாதித் தயக்கத்தோடு. அந்த விதி எழுதியபோது கடல் கடந்தவருக்குக் கடிதம் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும். இன்று கைப்பேசியில் நிலத்தின் படமே வந்துவிடுகிறது. முப்பது ஆண்டு என்பது ஊரில் இருந்து மரம் நட்டவருக்கும் நீண்ட காலம். ஆனால் இந்தியச் சட்டம் ஒன்றுமே தராமல் விட்டிருப்பது, வளைகுடாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் விடுமுறை பெறும் கூலித் தொழிலாளியையும், எல்லா வசதியும் உள்ளவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. அந்தத் தொழிலாளிக்கு ஏதாவது ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும்.

அரசு நிலத்தில் வேறுபாடு இன்னும் கூர்மை. இலங்கைக் கட்டளைச் சட்டத்தின் 15 ஆவது பிரிவு, அரசின் உரிமையை இந்தச் சட்டம் தொடாது என்கிறது. பத்து ஆண்டு ஆண்டதைக் காட்டி அரச காணியைத் தன்னுடையதாக்க வழியில்லை. இந்தியாவில் அரசுக்கு எதிராக 30 ஆண்டு என்று 112 ஆவது இனம் வைத்திருக்கிறது. 1908 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 60 ஆக இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் புறம்போக்கில் இருப்பவர்கள் பலர் இந்த முப்பதை அடைவதில்லை. காரணம் பி மெமோ. 1905 ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வருவாய்த் துறை அதை அனுப்பி அபராதத் தீர்வை வாங்கும். 'ஆண்டுதோறும் அரசுக்குக் கட்டினேன்' என்று அந்த ரசீதையே உரிமைக்குச் சான்றாக நீட்டுகிறார்கள். இலங்கை அடைப்புக்குறியை நினைத்துப் பாருங்கள்: செலுத்துவதே ஒப்புக்கொள்வது. பி மெமோ ரசீது, இடம் அரசுடையது என்று கட்டியவரே கையெழுத்துப் போட்டதற்குச் சமம். கோயில் நிலத்தில் இதைவிடவும் இடமில்லை. அறநிலையத் துறைச் சட்டத்தின் 109 ஆவது பிரிவு, சமய நிறுவனச் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்கிறது.

அரசே குடிமகனின் நிலத்தில் உட்கார்ந்துகொண்டு எதிரிடை அனுபவம் கோரிய கதையும் இந்தியாவில் நடந்திருக்கிறது. ஹரியானாவில் காவல் துறை அப்படிக் கோரியதை 2011 இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. இமாச்சலப் பிரதேசத்தில் 1967-68 இல் எழுதப் படிக்கத் தெரியாத கைம்பெண் ஒருவரின் நிலத்தை எடுத்துச் சாலை போட்டார்கள், இழப்பீடு தரவில்லை. பின்னாளில் அவர் கேட்டபோது, நாற்பது ஆண்டுக்கு மேல் அனுபவித்துவிட்டோம் என்றது அரசு. 2020 ஜனவரியில் வித்யா தேவி தீர்ப்பு அதை ஏற்கவில்லை, இழப்பீடு தர உத்தரவிட்டது. குடிமக்களின் சொத்தைக் காக்க வேண்டிய அரசு இந்தச் சட்டத்தை ஏந்தக் கூடாது என்பதில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை. அதைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம், ஒவ்வொரு முறையும் ஒரு முதியவர் டெல்லி வரை போக வேண்டியிருக்காது.

2008 இல் ஹேமாஜி வாகாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டமே பகுத்தறிவுக்குப் பொருந்தவில்லை, நேர்மையற்றவருக்கு வெகுமதி தருகிறது என்று சொல்லி, மாற்றும்படி மத்திய அரசைக் கேட்டது. சட்ட ஆணையம் 2023 இல் தன் 280 ஆவது அறிக்கையில் மாற்றத் தேவையில்லை என்றது. ஆணையத்திலிருந்த அரசுத் தரப்பு உறுப்பினர்கள் இருவர் அதில் மாறுபட்டார்கள். முழுவதும் நீக்குவது சரியில்லை என்றே நானும் நினைக்கிறேன். மூன்று தலைமுறைக்கு முந்தைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, குடியிருப்பவர்களை எழுப்ப யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற நிலை ஏழைகளைத்தான் முதலில் அடிக்கும். ஆனால் இந்தியச் சட்டம் இலங்கையின் அடைப்புக்குறியைக் கடன் வாங்கலாம். எது எதிரிடை, எது ஒப்புதல் என்று சட்டத்திலேயே சொல்லிவிட்டால், பாதி வழக்குகள் தொடங்கும் முன்பே முடியும்.

சட்டம் மாறும்வரை செய்ய வேண்டியது எளிது. உங்கள் வீட்டில் உறவினரோ தெரிந்தவரோ இருந்தால், 'இன்னார் அனுமதியில் இருக்கிறேன்' என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வையுங்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். மாதம் நூறு ரூபாய் வாடகை வங்கிக் கணக்கில் வந்தாலும் போதும். பங்காளிகளோடு பாகப்பிரிவினையைத் தள்ளிப் போடாதீர்கள். பங்கு இல்லை என்று யாராவது எழுதி அனுப்பினால், அந்தக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போடாமல் தேதியோடு பத்திரப்படுத்தி, அந்த ஆண்டே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.